லாரியில் வந்தது 4 யூனிட்டா, மூன்றரையா? மணல் குவியலை டேப் வைத்தே அளப்பது எப்படி?

கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு டிப்பர் வந்து நிற்கும். வீட்டுக்காரர் பல் துலக்கி முடிப்பதற்குள் எம்-சாண்ட் சைட்டில் கொட்டப்பட்டிருக்கும். "நாலு யூனிட்டுங்ணா, கரெக்டா இருக்குதுங்க" என்று டிரைவர் சீட்டை நீட்டுவார். எதிரே ஒரு பெரிய குவியல். அது நாலா, மூன்றரையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள மேஸ்திரியாலும் முடியாது.

ஒரு யூனிட் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அரை யூனிட் குறைந்தால் 2,500 ரூபாய். பத்து லோடு இறங்கும் வீட்டில் அது 25,000 ரூபாய். கொட்டிய பிறகும் இதைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு நீள டேப், ஒரு கயிறு, செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ஆனால் அளக்கிற இடத்தில் ஒரு சின்னத் தப்பு நடந்தாலும், குறையாத லோடு குறைந்ததாகத் தெரியும். டிரைவரிடம் தேவையில்லாத சண்டையும் வரும். அதனால் கணக்கைவிட அளவெடுக்கும் முறைதான் இங்கே முக்கியம்.

யூனிட் என்றால் எவ்வளவு?

தமிழ்நாட்டில் மணல், எம்-சாண்ட், ஜல்லி வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரம் 1 அடி உள்ள பெட்டியைத் தலைதட்டி நிரப்பினால் வருகிற அளவு. மெட்ரிக் கணக்கில் சுமார் 2.83 கன மீட்டர். ஆக, 4 யூனிட் என்றால் 400 கன அடி இருக்க வேண்டும்.

கூம்புக் கணக்கு

கொட்டிய மணல் தானாகவே கூம்பாக நிற்கும். மேலிருந்து விழும் மணல் ஒரு குறிப்பிட்ட சரிவு வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் சறுக்கிக் கீழே வந்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரே சரிவில் சறுக்குவதால் அடி வட்டமாகவும் மேல் கூராகவும் அமைகிறது.

கூம்பின் கன அளவு, அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளியில் இதை ஆரத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் சைட்டில் ஆரத்தை அளக்க முடியாது. வட்டத்தின் நடுப்புள்ளி 5 அடி மணலுக்கு அடியில் இருக்கிறது. நம்மால் சுற்றி வர முடியும்; அதனால் அடிச்சுற்றளவை எடுத்துக்கொள்கிறோம். சுற்றளவிலிருந்து ஆரத்தைக் கண்டுபிடித்து, அதைச் சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால் கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
கன அடி = சுற்றளவு × சுற்றளவு × உயரம் ÷ 37.7
```

இந்த 37.7 எங்கிருந்து வந்தது என்றால், 12-ஐ பை எனப்படும் 3.1416-ஆல் பெருக்கியது. சுற்றளவு, உயரம் இரண்டையும் அடியில் போட்டால் விடை கன அடியில் வரும். மீட்டரில் போட்டால் கன மீட்டரில் வரும். சூத்திரம் மாறாது.

சுற்றளவை எடுப்பது

சுற்றளவு இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அதில் வரும் தப்பும் இரட்டிப்பாகும். சுற்றளவில் 2 சதவீதம் பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும். அதனால் முதல் கவனம் இங்கேதான்.

குவியலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் முடியாது. கடைசி அரை அடி, ஒரு அடிக்கு மணல் மெல்லிசாகச் சிதறிக் கிடக்கும். அதன் வெளி விளிம்பில் டேப்பைப் போட்டால் இல்லாத மணலை இருப்பதாகக் கணக்கில் சேர்த்துவிடுவோம். எனவே முதலில் மம்பட்டியால் அந்தச் சிதறலைக் குவியலோடு ஒதுக்கித் தள்ளி, சரிவு தரையைத் தொடுகிற இடம் தெளிவாகத் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும்.

பிறகு கயிறு. பாக்கெட்டில் வைக்கும் 5 மீட்டர் டேப்பைத் துண்டு துண்டாக வைத்து அளந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் ஒன்றிரண்டு அங்குலம் போகும். அதற்குப் பதில் சணல் கயிற்றைத் தரையோடு தரையாக, விளிம்பை ஒட்டி ஒரு சுற்றுப் போட்டு, சேரும் இடத்தில் முடிச்சு போடலாம். பிறகு கயிற்றை நேராக நீட்டி டேப்பில் அளக்கலாம். நைலான் கயிறு இழுத்தால் நீளும். அதைத் தவிர்ப்பது நல்லது. 100 அடி நீள டேப் கையில் இருந்தால் கயிறே வேண்டாம். எதுவானாலும் சரிவின் மேல் ஏறிப் போகக்கூடாது, தரையிலேயே படுத்துப் போக வேண்டும்.

உயரம்தான் தலைவலி

உச்சி நடுவில் இருக்கிறது, தரை ஓரத்தில் இருக்கிறது. சரிவு மேலேயே டேப்பை வைத்து அளந்துவிட்டு அதையே உயரம் என்று போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. 5 அடி உயரக் குவியலில் சரிவின் நீளம் 9 அடிக்கு மேல் இருக்கும்! அதைப் போட்டால் 4 யூனிட் 7 யூனிட் ஆகிவிடும்.

சரியான வழி, உச்சியின் மட்டத்தைக் குவியலுக்கு வெளியே கொண்டு வருவது. மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் இருக்கும். ஒருவர் அதன் ஒரு முனையை உச்சியில் வைக்க, இன்னொருவர் ஓரத்தில் ஒரு நேரான கட்டையை நட்டு மறுமுனையை அதில் பிடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் நிற்கும் இடம் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். உச்சி மட்டத்தைக் கட்டையில் குறித்து, அங்கிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உயரம். குழாய் இல்லையென்றால் உச்சியிலிருந்து கட்டை வரை நூலை இழுத்துக் கட்டி, ரசமட்டத்தை நூலில் ஒட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் துல்லியம் குறையும், ஆனால் வேலைக்கு ஆகும்.

சைட் தரை சமமாக இருப்பது அபூர்வம். ஒரு பக்கம் அரை அடி மேடாக இருக்கும். அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் கட்டையை நட்டு இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

8 எம்.எம். கம்பியை உச்சியிலிருந்து நேராக உள்ளே குத்தி, தரை தட்டும்வரை இறக்கி அளப்பவர்களும் உண்டு. கான்கிரீட் தரையில் இது நன்றாக வேலை செய்யும். மண் தரை என்றால் கம்பி தரைக்குள்ளும் இறங்கிவிடும். உயரம் கூடுதலாக வரும். கம்பி சாய்ந்து இறங்கினாலும் அதே கதைதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் கணக்கையே கவிழ்ப்பது. டேப்பில் 5 அடி 3 அங்குலம் என்றால் கால்குலேட்டரில் 5.3 என்று போடக்கூடாது. 12 அங்குலம்தான் ஒரு அடி. 3-ஐ 12-ஆல் வகுத்து 5.25 என்று போட வேண்டும். 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று போட்டால், உண்மையில் 5.83 ஆக இருப்பது ஒரேயடியாக முக்கால் அடி குறைந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

சரவணம்பட்டி பக்கம் ஒரு சைட்டில் 4 யூனிட் என்று சொல்லி எம்-சாண்ட் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். கயிற்றில் அளந்த சுற்றளவு 50 அடி. இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுத்த உயரம் 5 அடி 3 அங்குலம், அதாவது 5.25 அடி.

50 × 50 = 2,500. அதை 5.25-ஆல் பெருக்கினால் 13,125. அதை 37.7-ஆல் வகுத்தால் 348. அதாவது 348 கன அடி. கிட்டத்தட்ட மூன்றரை யூனிட். சொன்ன அளவுக்கு 52 கன அடி குறைகிறது.

உடனே போனை எடுத்து சப்ளையரைத் திட்டுவதற்கு முன், நம்முடைய அளவில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்று பார்க்க வேண்டும். சுற்றளவு 50 அடி இல்லை, 51 அடிதான் என்று வைத்தால் விடை 362. உயரத்தில் 3 அங்குலம் விட்டிருந்தால் இன்னொரு 17 கன அடி கூடும். இரண்டு தப்பும் ஒரே திசையில் நடந்திருந்தாலும் 380-ஐத் தொடுகிறதே தவிர 400 வரவில்லை. கவனமாக அளந்திருந்தால், இந்த லோடு குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம். அதே கணக்கில் 385 வந்திருந்தால்? அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதே நியாயம். கயிறும் டேப்பும் கொடுக்கும் கணக்கு 15 கன அடி வித்தியாசத்தை நிரூபிக்காது.

பாஸ்கரர் போட்ட அதே கணக்கு

சுற்றளவையும் உயரத்தையும் வைத்துக் குவியலை அளக்கும் பழக்கம் புதிதல்ல. 1150-ம் ஆண்டு வாக்கில் பாஸ்கராச்சாரியார் எழுதிய 'லீலாவதி' என்ற கணித நூலில், தானியக் குவியலை அளப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அவர் சொல்லும் விதி: சுற்றளவை ஆறால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கு. அதாவது நாம் 37.7-ஆல் வகுக்கும் இடத்தில் அவர் 36-ஆல் வகுக்கிறார். பை-யின் மதிப்பைத் தோராயமாக 3 என்று எடுத்தால் அப்படி வரும். பழைய சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்க'ளிலும் தானியக் குவியலுக்கு இதே 36தான்.

இதில் விடை 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடிப்போகும். நம் 50 அடிக் குவியல் அந்த முறையில் 365 கன அடி ஆகும். இன்றும் சில சைட்டுகளில் 36-ஆல் வகுக்கச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். மனக்கணக்குக்கு அது சுலபம். ஆனால் 17 கன அடி விற்பவருக்குச் சாதகமாகப் போகும்.

பாஸ்கரர் சொன்ன இன்னொரு விஷயம் இன்றைய எம்-சாண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. பருமனான தானியம் என்றால் குவியலின் உயரம் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு, பொடி தானியம் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு, மேலே முனை உள்ள தானியம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு இருக்கும் என்கிறார். பொடி தானியம் வழுக்கிப் பரவும், முனை உள்ளது ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். காய்ந்த மணலின் சரிவும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

இதை ஒரு சோதனையாகவே பயன்படுத்தலாம். சுற்றளவை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். நம் உதாரணத்தில் 50-ஐ 5.25-ஆல் வகுத்தால் 9.5. ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் இருப்பதால் குவியல் ஒழுங்கான கூம்பு, அளவும் நம்பத்தக்கது. விடை 7 அல்லது 8 என்று வந்தால் மணல் ஈரமாக இருக்கிறது, அல்லது உயரத்தைக் கூடுதலாக அளந்திருக்கிறோம். 13, 14 என்று போனால் உச்சியில் யாரோ ஏறி மிதித்திருக்கிறார்கள், அல்லது குவியல் கூம்பே அல்ல.

டிப்பர் கொட்டியது எப்போதும் கூம்பு இல்லை

மேலே சொன்னதெல்லாம் வட்டமான குவியலுக்கு. டிப்பர் டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வண்டியை முன்னால் நகர்த்தினால் மணல் நீளவாக்கில் விழும். மேலே ஒரு புள்ளிக்குப் பதில் மாட்டின் முதுகுபோல நீண்ட வரப்பு இருக்கும். இதில் சுற்றளவுக் கணக்கைப் போட்டால் தப்பு. அதுவும் வாங்குபவர் நினைக்கும் திசையில் அல்ல: உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். நேர்மையாக வந்த லோடை 'குறைவு' என்று சொல்லிச் சண்டை போடுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கும்.

வட்டமா இல்லையா என்று தெரிந்துகொள்ள, குவியலின் இரண்டு ஓரங்களிலும் குச்சி நட்டு, வெளியே பக்கவாட்டில் டேப்பைப் பிடித்து நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் போதும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் கூம்பு. ஓரடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கணக்கை மாற்ற வேண்டும்.

நீளக் குவியலை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் அரை அரைக் கூம்பு. சேர்த்தால் ஒரு முழுக் கூம்பு. நடுவில் இருப்பது ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி முக்கோண வடிவம். முழு நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் நடுப்பகுதியின் நீளம் கிடைக்கும்.

முழு நீளம் 18 அடி, அகலம் 12 அடி, உயரம் 4 அடி என்று வைப்போம். நடுப்பகுதி நீளம் 6 அடி. அதன் கன அளவு 12 × 4 × 6 ÷ 2, அதாவது 144 கன அடி. முனைகளுக்கு அகலம் × அகலம் × உயரம் × 0.262 என்று போட்டால் 151 கன அடி. மொத்தம் 295. இதே குவியலைச் சுற்றிக் கயிறு போட்டால் கிட்டத்தட்ட 49.7 அடி வரும். அதைக் கூம்புச் சூத்திரத்தில் போட்டால் 262தான் காட்டும். 33 கன அடி, அதாவது மூன்றில் ஒரு யூனிட், வெறும் சூத்திரத் தப்பில் காணாமல் போகிறது.

சுவரோரம் கொட்டியிருந்தால்?

மூன்று சென்ட் சைட்டில் நடுவில் கொட்ட இடம் ஏது? காம்பவுண்டு சுவரை ஒட்டித்தான் கொட்டுவார்கள். அப்போது கிடைப்பது பாதிக் கூம்பு. வெளியே தெரியும் வளைவை மட்டும் அளந்து, அதை இரண்டால் பெருக்கி முழுச் சுற்றளவாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு, கடைசியில் விடையைப் பாதியாக்கினால் போதும். இந்த வழியும் லீலாவதியில் இருக்கிறது. சுவர் மூலைக்குள் கிடக்கும் குவியலுக்கு நான்கால் பெருக்கி, விடையில் கால்பங்கு எடுக்கச் சொல்கிறது.

உதாரணமாக வளைவு 30 அடி, உயரம் 6 அடி என்றால் முழுச் சுற்றளவு 60. கணக்குப் போட்டால் 573. பாதி 286 கன அடி. சுவரை ஒட்டிய பக்கத்தில்தான் உச்சி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். உச்சி சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருந்தால் அது பாதிக் கூம்பைவிடப் பெரிது. இந்தக் கணக்கு குறைவாகக் காட்டும்.

ஈரம் செய்யும் மாயம்

எம்-சாண்ட் பெரும்பாலும் தண்ணீரில் கழுவப்பட்டு ஈரத்தோடுதான் வரும். கிணத்துக்கடவு, காரணம்பேட்டை பக்கத்துக் கிரஷர்களிலிருந்து வரும் லோடுகளில் வழியெல்லாம் தண்ணீர் சொட்டுவதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு வினோதம் இருக்கிறது. லேசாக ஈரமான மணல், காய்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைக்கும். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு துகள்களை நெருங்கவிடாமல் தள்ளி வைக்கிறது. கட்டுமானத் துறையில் இதை 'பல்க்கிங்' என்பார்கள். சுமார் 5 சதவீத ஈரத்திலேயே மணல் கால்பங்கு வரை உப்பிவிடலாம். துகள் பொடியாக இருந்தால் உப்பலும் அதிகம். ஆனால் மணல் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் அந்தப் படலங்கள் கலைந்து, மணல் மறுபடியும் பழைய அளவுக்கே அமுங்கிவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தை வைத்தே சைட்டில் சோதிக்கலாம். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2386 மூன்றாம் பகுதியில் இந்தச் சோதனை இருக்கிறது. பக்கங்கள் நேராக இருக்கும் கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் வேண்டாம், அது மேலே விரிந்திருக்கும். மூன்றில் இரண்டு பங்கு வரை ஈர மணலை அழுத்தாமல் தளர்வாகப் போட்டு, மேலே சமப்படுத்தி உயரத்தைக் குறியுங்கள். 150 மில்லிமீட்டர் என்று வைப்போம். மணலை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்திவிடுங்கள். மணல் மட்டம் 125 மில்லிமீட்டரில் நின்றால், 125 இருக்க வேண்டியது 150 ஆக உப்பியிருந்தது. அதாவது 20 சதவீத உப்பல்.

இதை நம் 348 கன அடியில் பொருத்தினால், 348-ஐ 1.2-ஆல் வகுக்க 290 கன அடி. உண்மையான மணல் அவ்வளவுதான். பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் எத்தனை நாள் வரும் என்று திட்டமிட இந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் லோடு குறைவா என்ற வாதத்துக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. டிப்பர் பெட்டியிலும் அதே ஈர மணல்தான் நிரம்பியிருந்தது. ஈரத்தை ஈரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். காய்ந்த கணக்கில்தான் வேண்டும் என்றால் அதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசியிருக்க வேண்டும்.

எடைச் சீட்டு கையில் இருந்தால்

குவியல் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழி எடைமேடைச் சீட்டு. யூனிட்டுக்கு இத்தனை டன் என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். காய்ந்த எம்-சாண்ட் யூனிட்டுக்கு நாலரை முதல் 5 டன் வரை இருக்கும். உப்பிய ஈர மணல் அதே ஒரு யூனிட்டில் அதைவிடக் குறைவாக நிற்கும். அதனால் சொந்தமாகவே அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது நல்லது. ஒரு பக்கெட்டில் ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிட்டு, அந்தக் கோடு வரை குவியலிலிருந்து மணலை அழுத்தாமல் நிரப்பி எடை போடுங்கள். பக்கெட் எடை போக 15 கிலோ வந்தால், ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்.

348 கன அடி என்பது 9.85 கன மீட்டர். ஒன்றரையால் பெருக்கினால் 14.8 டன். இதுவே 4 யூனிட் என்றால் 17 டன் இருந்திருக்க வேண்டும். சீட்டில் நிகர எடை 15 டன்னை ஒட்டி இருந்தால் நம் கயிற்றுக் கணக்கு சரி. 17 என்று இருந்தால் எங்கேயோ அளவெடுப்பில் தவறியிருக்கிறோம், திரும்பவும் உயரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வண்டி எடை போட்டதற்கும் நாம் அளந்ததற்கும் நடுவில் தண்ணீர் வடிந்திருக்கும் என்பதால் அரை டன் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

எப்போது அளப்பது?

கொட்டிய உடனே. ஒரு பாண்டு மணல் எடுக்கப்படுவதற்கு முன், பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கு முன். ஒரு மழை பெய்துவிட்டால் குவியல் அமுங்கி, ஓரம் கரைந்து பரவிவிடும். பிறகு எந்தச் சூத்திரமும் உதவாது.

முடிந்தால் அதற்கும் முன்பே, பெட்டியிலேயே. டிப்பர் பெட்டியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் பெருக்கினால் நேரடியாகக் கன அடி. 14 அடி, 7 அடி, 4 அடி என்றால் 392. மேலே ஏறிப் பார்த்தால் நான்கு மூலையும் நிரம்பியிருக்கிறதா, நடுவில் மட்டும் குமித்து வைத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ரோட்டில் குலுங்கி வந்த மணல் பெட்டிக்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கொட்டும்போது தளர்ந்துவிடும். ஆகவே தரையில் இருக்கும் குவியல் பெட்டிக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வருவதுதான் இயல்பு. குறைவாக வந்தால், பெட்டி மூலைகளில் ஈர மணல் ஒட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அளந்ததும் கயிறு சுற்றிய நிலையிலும், கட்டையில் உயரக் குறி தெரியும்படியும், வண்டி எண்ணோடும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாக முடியும். பில்லில் 'ஒரு லோடு' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் புகாரும் நிற்காது. 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அளவைத்தான் ஏற்கிறது. யூனிட் என்று பேசினாலும் பில்லில் கன மீட்டரோ டன்னோ எழுதி வாங்க வேண்டும். 4 யூனிட்டுக்கு 11.3 கன மீட்டர். அளவு குறைவு பற்றிய புகாரைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் வரும் எடையளவு ஆய்வாளரிடம் கொடுக்கலாம்.

சப்ளையர் ஒத்துக்கொள்ளாமல் "நீங்க அளந்தது தப்புங்க" என்றால், அடுத்த லோடு வரும்போது அவரையே கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லலாம்.